வழுக்கையை வைத்து ஓமோனை அளக்க முடியுமா?

"டொக்டர், எனக்கு 28 வயது. வெள்ளவத்தையில இருக்கிறன், கல்யாணப் பேச்சு நடக்குது. 23 வயதிலயே நெற்றி இரண்டு பக்கமும் ஏறத் தொடங்கி இப்ப உச்சியும் தெரியுது. நெஞ்சில மயிரே இல்லை. எட்டு மாதமா ஜிம்முக்குப் போயும் உடம்பு வைக்கேல்ல. 'உனக்கு ஆண் ஓமோன் குறைவு, அதுதான் இந்த மூன்றுக்கும் காரணம்' எண்டு ஜிம் மாஸ்டர் சொன்னார். வேலை முடிஞ்சு பின்னேரம் ஐந்தரைக்கு இரத்தம் குடுத்தன், 2.7 எண்டு வந்தது. ஜிம்மில இன்னொரு பெடியனுக்கு 14. கிழமைக்கு ஒரு ஊசி போட்டா எல்லாம் சரி எண்டுறார். ஒஃபிஸில உள்ளவை 'வழுக்கை விழுந்தா ஆண்மை கூட' எண்டு சொல்லினம். எது உண்மை? முடிக்கு பயோட்டின் குளிசை எடுக்கிறன். மூன்று கிழமைக்கு முதல் டெங்கு வந்து மாறினது. ஊசி போடலாமா?"

தம்பி, ஊசி போட வேண்டாம். காரணத்தை உங்கள் கையில் இருக்கும் அந்த ரிப்போர்ட்டிலிருந்தே தொடங்குவோம். உங்களைப் பயமுறுத்தியது 2.7-க்கும் 14-க்கும் இடையில் தெரியும் தூரம்தான்.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து, எண்ணுக்கு வலப்புறம் சின்ன எழுத்தில் என்ன அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் தாளில் ng/mL என்று இருக்கும். அவருடையதில் nmol/L என்று இருக்கும். கொழும்பில் ஒவ்வொரு ஆய்வுகூடமும் ஒவ்வொரு அலகில் அச்சடிக்கிறது. முதல் அலகில் உள்ள எண்ணை 3.47-ஆல் பெருக்கினால் இரண்டாவது அலகு வரும். உங்கள் 2.7 அப்படிப் பார்த்தால் 9.4. அவருடைய 14-ஐ உங்கள் அலகுக்குக் கொண்டுவந்தால் 4 சொச்சம். ஐந்து மடங்கு வித்தியாசம் என்று நினைத்தது ஒன்றரை மடங்குதான். உடல் பருமன் இல்லாத, 19 முதல் 39 வயது வரையான ஆரோக்கியமான ஆண்களில் சாதாரண அளவு உங்கள் அலகில் ஏறத்தாழ 2.6 முதல் 9.2 வரை போகும். அதாவது நீங்கள் இருவருமே அந்த எல்லைக்குள்தான் நிற்கிறீர்கள். அவர் நடுவில் நிற்கிறார் என்றுகூடச் சொல்ல முடியாது, அவரும் கீழ்ப்பக்கம்தான். உங்கள் ஆய்வுகூடம் தன் இயந்திரத்துக்கென்று ஓர் எல்லையை அதே தாளில் அச்சிட்டிருக்கும். அதையும் பாருங்கள்.

ஆனால் உங்கள் 2.7-ஐ நான் அப்படியே நம்பவும் மாட்டேன். அதைக் கீழே இழுக்கும் காரியங்களும் மேலே தள்ளும் காரியமும் ஒரே நேரத்தில் நடந்திருக்கின்றன.

நீங்கள் அளந்த ஆண் ஓமோனான டெஸ்டோஸ்டிரோன் விடியற்காலையில் உச்சத்துக்கு ஏறி, பகல் போகப் போக இறங்கும். உங்கள் வயதில் காலைக்கும் பின்னேரத்துக்கும் இடையில் நாலில் ஒரு பங்கு வரை குறையலாம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரத்தத்தில் சீனி ஏறினால் இன்னும் கொஞ்சம் இறங்கும். அதோடு டெங்கு. உடம்பு பெரிய காய்ச்சலோடு போராடும்போது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி விரைகளுக்கு அனுப்பும் கட்டளையைக் குறைத்துவிடும். காய்ச்சல் விட்ட பிறகும் அது பழைய நிலைக்கு வரச் சில கிழமைகள் எடுக்கும். இந்த மூன்றும் எண்ணைக் கீழே இழுப்பவை.

மேலே தள்ளக்கூடியது உங்கள் பயோட்டின் குளிசை. ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்குத் தேவையான பயோட்டின் ஏறத்தாழ 30 மைக்ரோகிராம். முடிக்கென்று பாமசியில் விற்கும் குளிசைகள் பலவற்றில் 5 அல்லது 10 மில்லிகிராம், அதாவது நூற்றுக்கணக்கான மடங்கு இருக்கிறது. ஓமோன் அளக்கும் இயந்திரங்களில் ஒரு வகை, பயோட்டினையே பசை மாதிரிப் பாவித்து வேலை செய்கிறது. உங்கள் இரத்தத்தில் ஏற்கனவே பயோட்டின் நிரம்பியிருந்தால் அந்தப் பசை ஏமாந்துபோகும். டெஸ்டோஸ்டிரோன் உண்மையை விடக் கூடுதலாகவும், தைரொயிட்டுக்குப் பார்க்கும் டி.எஸ்.எச். உண்மையை விடக் குறைவாகவும் வரும். எல்லா இயந்திரங்களுக்கும் இந்தக் குறை இல்லை. உங்கள் ஆய்வுகூடத்தில் எந்த இயந்திரம் என்பது ரிப்போர்ட்டைப் பார்த்துத் தெரியாது. ஆகவே குளிசையை நிறுத்திவிட்டுத் திரும்பப் பார்ப்பதுதான் ஒரே வழி.

எப்படிப் பார்ப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். டெங்கு மாறி குறைந்தது இரண்டு மாதம் போகட்டும். இரத்தம் கொடுப்பதற்கு மூன்று நாள் முன்னரே பயோட்டினை நிறுத்துங்கள். முதல் நாள் இரவு ஒழுங்காக நித்திரை கொள்ளுங்கள், இரவு வேலை செய்துவிட்டுப் போக வேண்டாம். காலையில் ஒன்றும் சாப்பிடாமல், பிளேன்டீயும் குடிக்காமல், தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு ஏழரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில் கொடுங்கள். முதலில் மொத்த டெஸ்டோஸ்டிரோன் மட்டும் போதும். பெரிய பக்கேஜ் எடுத்துக் காசைக் கரைக்க வேண்டாம். குறைவாக வந்தால் வேறொரு நாள், அதே நேரத்தில், அதே ஆய்வுகூடத்தில் இன்னொரு தடவை. இரண்டு தடவையும் குறைந்தால்தான் பிட்யூட்டரி சுரக்கும் எல்.எச்., எப்.எஸ்.எச்., புரோலக்டின் என்ற ஓமோன்களையும் பார்த்துக் காரணம் தேட வேண்டும். ஒரேயொரு பின்னேர ரிப்போர்ட்டை வைத்து எந்த வைத்தியரும் உங்களுக்கு ஓமோன் குறைபாடு என்று எழுத மாட்டார்.

இனி உங்கள் மாஸ்டர் ஒன்றாகக் கட்டிய மூன்றையும் பிரித்துப் பார்ப்போம். தலை, நெஞ்சு, தசை மூன்றும் ஒரே ஓமோனுக்குக் கீழ்ப்படிந்தாலும் அதைக் கேட்கும் விதம் வேறு வேறு.

தலைமுடி டெஸ்டோஸ்டிரோனை நேரே கேட்பதில்லை. முடி வேரில் இருக்கும் ஒரு நொதி அதை டி.எச்.டி. என்ற இன்னொரு ஓமோனாக மாற்றுகிறது. நெற்றியோரத்திலும் உச்சியிலும் உள்ள வேர்கள், பரம்பரையாக அப்படி அமைந்தவர்களுக்கு, இந்த டி.எச்.டி.க்குக் கூசும். ஒரு முடி சாதாரணமாக இரண்டு முதல் ஆறு வருடம் வளர்ந்துவிட்டு உதிரும். கூசும் வேரில் அந்த வளர்ச்சிக் காலம் ஒவ்வொரு சுற்றிலும் சுருங்கும், முடியும் மெலியும். கடைசியில் குழந்தையின் கன்னத்தில் இருக்கும் பூமுடி மாதிரி ஒன்றுதான் மிஞ்சும். உச்சியை வெளிச்சத்தில் கண்ணாடிக்குக் கிட்டக் காட்டிப் பாருங்கள். மொட்டையாகத் தெரியும் இடத்திலும் அந்த மெல்லிய முடிகள் நிற்பது தெரியும். வேர் சாகவில்லை, குறுகியிருக்கிறது. பின்னந்தலை வேர்களுக்கு இந்தக் கூச்சம் இல்லை. அதனால்தான் அங்கிருந்து எடுத்து முன்னால் நட்ட முடி அங்கேயும் உதிராமல் நிற்கிறது. ஒரே தலை, ஒரே இரத்தம், ஒரே ஓமோன் அளவு. முன்பக்கம் உதிர்கிறது, பின்பக்கம் உதிரவில்லை. வழுக்கையைத் தீர்மானிப்பது இரத்தத்தில் உள்ள அளவு என்றால் இது நடக்கவே முடியாது.

உங்கள் ஒஃபிஸ் ஆட்கள் சொல்வதிலும் ஒரு துளி உண்மை இருப்பதால்தான் அந்தப் பேச்சு இத்தனை காலம் நிலைத்திருக்கிறது. 1942-இல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர், பருவம் அடைய முன்னரே விரைகள் செயலிழந்த அல்லது நீக்கப்பட்ட ஆண்களை ஆராய்ந்து எழுதினார். அவர்களில் வழுக்கை விழவில்லை. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்குத்தான் முடி உதிரத் தொடங்கியது. மற்றவர்களுக்கு அதே மருந்து கொடுத்தும் உதிரவில்லை. அதாவது வழுக்கைக்கு ஆண் ஓமோன் இருக்க வேண்டும், ஆனால் கூட இருக்கத் தேவையில்லை. அடுப்பு பற்ற நெருப்பு வேண்டும். ஒரு தீக்குச்சி போதும், பெட்டி முழுவதையும் கொளுத்தத் தேவையில்லை. வழுக்கை உள்ள ஆண்களையும் இல்லாத ஆண்களையும் ஒப்பிட்டால் டெஸ்டோஸ்டிரோன் அளவில் பிரித்துக் காட்டக்கூடிய வேறுபாடு கிடைப்பதில்லை. ஆகவே உங்கள் உச்சி உங்களுக்கு ஆண்மை குறைவு என்றும் சொல்லவில்லை, கூட என்றும் சொல்லவில்லை.

இதை இன்னும் தெளிவாகக் காட்டியது டொமினிக்கன் குடியரசில் சலினாஸ் என்ற கிராமத்துக் குடும்பங்கள். 1974-இல் அவர்களைப் பற்றி ஆய்வு வெளிவந்தது. மேலே சொன்ன அந்த நொதி அவர்களில் சில ஆண்களுக்குப் பிறவியிலேயே வேலை செய்யவில்லை. டெஸ்டோஸ்டிரோன் சரியாக இருந்தது. பருவ வயதில் குரல் உடைந்தது, தசையும் நன்றாக வைத்தது. ஆனால் தாடியும் உடல்முடியும் குறைவு, நெற்றி ஏறவே இல்லை. உங்களுடைய மாஸ்டர் இவர்களைக் கண்டிருந்தால் நெஞ்சைப் பார்த்துக் குறைவு என்றும், கையைப் பார்த்துக் கூட என்றும் இரண்டு தீர்ப்புச் சொல்லியிருப்பார். இந்தக் கண்டுபிடிப்பின் வழியில்தான் பினாஸ்டரைட் என்ற குளிசை வந்தது. அது அந்த நொதியைத் தடுக்கிறது. எடுப்பவரின் இரத்தத்தில் டி.எச்.டி. மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது, மாற்றப்படாமல் மிஞ்சுவதால் டெஸ்டோஸ்டிரோன் சற்றே கூடுகிறது. வழுக்கையை நிறுத்தும் மருந்து டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டுகிறது என்பதை அவரிடம் சொல்லுங்கள்.

நெஞ்சுமுடியை நீளமாகச் சொல்லத் தேவையில்லை. தலையில் வேரைக் குறுக்கும் அதே டி.எச்.டி., தாடியிலும் நெஞ்சிலும் பூமுடியைத் தடித்த முடியாக வளர்க்கிறது. எந்த வேர் எவ்வளவு கேட்கும் என்பது பரம்பரை. அதனால் தலை வழுக்கையாகவும் நெஞ்சு காடாகவும் ஒருவர் இருப்பார், உங்களைப் போல இரண்டு பக்கமும் குறைந்தவரும் இருப்பார். பலருக்கு நெஞ்சுமுடி முப்பதுக்குப் பிறகுதான் முழுதாக வரும். 'நெஞ்சில் முடி இல்லாதவனை நம்பாதே' என்ற பழைய பேச்சால் எத்தனை பெடியங்கள் ரேசரை எடுத்து வழிக்கிறார்கள். வழித்தால் அடர்த்தியாக வளராது. நுனி கூராக இருந்த முடி வெட்டுப்பட்டு மழுங்கி நிற்பதால் தடிப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். தாய்மாமனைப் பார்த்து வழுக்கையைச் சொல்லும் வழக்கத்தில் மட்டும் ஓரளவு நியாயம் உண்டு. ஆண் ஓமோனைக் கேட்கும் மரபணு தாய் கொடுக்கும் எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. ஆனால் வழுக்கைக்கான வேறு பல மரபணுக்கள் தகப்பன் வழியிலும் வரும், ஆகவே அப்பாவின் தலையையும் பார்க்க வேண்டும்.

தசைக்கு வருவோம். தசை டி.எச்.டி.யாக மாற்றாமல் டெஸ்டோஸ்டிரோனையே நேரே கேட்கிறது. சாதாரண எல்லைக்குள் ஒருவருக்கு 3.5-உம் இன்னொருவருக்கு 7-உம் இருந்தால் இரண்டாமவர் இரண்டு மடங்கு தசை வைப்பார் என்று எண்ண வேண்டாம். அந்த எல்லைக்குள் யார் எவ்வளவு வைப்பார் என்பதைச் சாப்பாடும் பயிற்சியும் எலும்பமைப்பும் பரம்பரையும் தீர்மானிக்கின்றன. எல்லையைத் தாண்டி மருந்து ஏற்றினால் மட்டுமே ஓமோன் முன்னுக்கு வரும். 1996-இல் அமெரிக்காவில் 43 ஆண்களை வைத்து ஒரு பரிசோதனை நடந்தது. சிலருக்குப் பத்துக் கிழமைக்கு, கிழமைக்கு 600 மில்லிகிராம் ஊசி. குறைபாடு உள்ளவருக்கு வைத்தியர் கொடுக்கும் அளவுக்கு அது ஏறத்தாழ ஆறு மடங்கு. ஊசி இல்லாமல் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கிய உடல்நிறை ஏறத்தாழ 2 கிலோ கூடியது. பயிற்சியே செய்யாமல் ஊசி மட்டும் போட்டவர்களுக்கு 3 கிலோ. இரண்டையும் செய்தவர்களுக்கு 6 கிலோ. ஜிம்மில் திடீரெனப் பெருத்த ஒரு கையைக் கண்டு 'இவருக்கு இயற்கையிலேயே ஓமோன் கூட' என்று நினைக்கும் முன் இந்தக் கணக்கை ஞாபகத்தில் வையுங்கள்.

உங்கள் எட்டு மாதத்துக்கும் நான் முதலில் தேடுவது தட்டிலும் பயிற்சிக் கொப்பியிலும்தான். 60 கிலோ உள்ள ஒருவருக்குத் தசை வைக்க ஒரு நாளைக்கு ஏறத்தாழ 95 கிராம் புரதம் வேண்டும். காலையில் பாணும் பருப்பும், மத்தியானம் சோற்றுப் பார்சலில் ஒரு துண்டு மீன், இரவு கொத்து என்றால் அதில் பாதிகூட வராது. மூன்று முட்டை, மத்தியானம் உள்ளங்கை அளவு மீன் அல்லது கோழி இரண்டு துண்டு, இரவுக்கும் அதே, இடையில் கடலை, ஒரு கோப்பை தயிர் என்று வந்தால்தான் கிட்டப் போகும். அதோடு ஒவ்வொரு பயிற்சியிலும் தூக்கிய பாரத்தை எழுதுங்கள். மூன்று மாதமாக ஒரே பாரத்தைத் தூக்கினால் தசைக்கு வளரத் தேவையே வராது. டெங்கில் உடம்பும் இளைத்திருக்கும், பழைய பாரத்துக்கு மெல்ல மெல்லப் போங்கள்.

இப்போது அந்த ஊசி. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும் பிட்யூட்டரி சுரப்பி 'போதும்' என்று எல்.எச்., எப்.எஸ்.எச். இரண்டையும் நிறுத்திவிடும். கட்டளை வராத விரைகள் வேலையை நிறுத்திச் சுருங்கும். விந்தணு உருவாக விரைக்குள்ளே உள்ள டெஸ்டோஸ்டிரோன் செறிவு இரத்தத்தில் உள்ளதை விடப் பல மடங்கு வேண்டும். ஊசி இரத்தத்தை நிரப்புகிறதே தவிர விரைக்குள்ளே நிரப்புவதில்லை. கிழமைக்கு 200 மில்லிகிராம் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் 1990-இல் பரிசோதித்தது, பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணு முற்றாக இல்லாமல் போனது. நிறுத்தினால் அநேகமாகத் திரும்பி வரும். ஆனால் மாதங்கள் எடுக்கும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் எடுக்கும். கல்யாணம் பேசும் நேரத்தில் இதைச் செய்யாதீர்கள். இரத்தமும் தடிக்கும். சிவப்பணுக்களின் பங்கு நூற்றுக்கு 54-ஐத் தாண்டினால் சிகிச்சையையே நிறுத்த வேண்டிய நிலை. அதோடு, நீங்கள் எதற்காக அழுகிறீர்களோ அந்த முடி இன்னும் வேகமாகப் போகும், ஏனென்றால் கூடுதல் டெஸ்டோஸ்டிரோன் கூடுதல் டி.எச்.டி.யாக மாறும்.

உண்மையாகக் குறைந்தால் உடம்பு வேறு இடங்களில் சொல்லும். காலையில் எழும்பும்போது வரும் விறைப்பு வாரக்கணக்கில் இல்லாமல் போவது, ஆசை குறைவது, முன்பு இரண்டு நாளுக்கு ஒருக்கால் சவரம் செய்தவருக்குக் கிழமைக்கு ஒருக்கால் போதுமாகிவிடுவது, மார்பு பெண்களைப் போல மெத்தென்று வீங்குவது. முக்கியமானது விரைகளின் அளவு. வைத்தியர்கள் இதை 1 முதல் 25 மில்லிலீற்றர் வரையான 12 மணிகள் கோர்த்த ஒரு மாலையோடு ஒப்பிட்டு அளப்பார்கள். வளர்ந்த ஆணுக்குப் பெரும்பாலும் 12-க்கு மேலே இருக்கும். 4, 5 என்று சின்னதாகவும் கல்லுப் போலவும் இருந்தால் கிளைன்பெல்டர் என்ற பிறவி நிலையைத் தேட வேண்டும். அது ஏறத்தாழ 600 ஆண்களில் ஒருவருக்கு இருக்கிறது, பலருக்குக் கல்யாணமாகிப் பிள்ளை இல்லை என்று வரும்போதுதான் தெரியவருகிறது. இந்த அடையாளங்களில் ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லை. இருந்தால் வெட்கப்படாமல் கொழும்பு தேசிய வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் சொல்லி அகஞ்சுரப்பியியல் கிளினிக்குக்குப் போங்கள்.

முடிக்கு நீங்கள் செய்யக்கூடியது உண்டு. மினொக்ஸிடில் 5 சதவீதத் திரவம், ஒரு மில்லிலீற்றர், காலையும் இரவும், காய்ந்த தலைத்தோலில். கொழும்பு வெயிலில் வேர்த்து வழியும்போது பூசினால் நெற்றிக்கு வடிந்துவிடும். பூசி நாலு மணித்தியாலம் தலையைக் கழுவ வேண்டாம். முதல் இரண்டு மாதத்துக்குள் கூடுதலாக உதிரலாம், பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதியது வருவதால் அப்படி. பலர் அந்த நேரத்தில்தான் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். ஆறு மாதம் போன பிறகே பலனைக் கணக்குப் பாருங்கள். நிறுத்தினால் வந்தது சில மாதத்தில் போய்விடும். பினாஸ்டரைட் நாளுக்கு 1 மில்லிகிராம் இதைவிட நன்றாக நிறுத்தும், ஆனால் தோல் வைத்தியரிடம் கதைத்த பிறகுதான். சிறு பங்கினருக்கு ஆசையும் விறைப்பும் குறையலாம், மனச்சோர்வு வரலாம், சிலருக்கு விந்தணு எண்ணிக்கையும் குறையும். உடைந்த குளிசையைக் கர்ப்பிணிகள் தொடக்கூடாது. எடுக்கும் காலத்திலும் நிறுத்தி ஒரு மாதம் வரையும் இரத்ததானம் கொடுக்கக்கூடாது.

இன்னொன்றை இப்போதே சொல்லி வைக்கிறேன். டெங்குக்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்தில் தலையெல்லாம் ஒரே சீராக, குளிக்கும்போது கைப்பிடி கைப்பிடியாக முடி உதிரலாம். உங்களுக்கு அது இன்னும் ஓரிரு மாதத்தில் தொடங்கலாம். அது காய்ச்சலின் வேலை, நெற்றியோர வழுக்கை வேறு. பின்னந்தலையிலும் உதிர்ந்தால், தலையணையில் கிடக்கும் முடியின் வேர்நுனி வெள்ளைக் குமிழாக இருந்தால், அது பெரும்பாலும் இந்த வகைதான். ஆறு மாதத்துக்குள் தானே நிற்கும். அந்த நேரத்தில் யாராவது 'பார், ஓமோன் குறைந்துவிட்டது' என்று சொன்னால், காய்ச்சல் வந்த திகதியைக் கலண்டரில் பாருங்கள்.